தெரியாது என்று சொன்ன டீச்சர்

ஆசிரியர் தினத்தை முன்னிட்டு எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் முகநூலில் ஒரு வாரமாக ஒரு நாளைக்கு ஓர் ஆசிரியர் என்று படம் போட்டு வருகிறார்கள். மூன்று நாளைக்கு முன் எங்கள் விஞ்ஞான டீச்சரின் முறை. பழைய குழுப் படம் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டினவனுக்குக் கைப்பழக்கம் இல்லை போலும், பக்கத்தில் நின்றவரின் முழங்கை டீச்சரின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் எரிகிற விளக்கு, அடுக்கிய புத்தகங்கள். தலைக்கு மேல் தங்க நிற எழுத்தில் ஒரு வரி: "அறியாதது ஒன்றுமில்லாத அறிவுக்கடல்."

அதற்குக் கீழே பூக்கள், கைகூப்பல்கள், இதயங்கள். "எங்கள் டீச்சருக்கு நிகர் யார்." "இறைவன் நீண்ட ஆயுளைக் கொடுக்க வேண்டும்." "இவரைப் போல் ஓர் ஆசிரியர் இனிப் பிறந்துதான் வர வேண்டும்."

நான் கீழே எழுதினேன்: "இது பொய். டீச்சர் அறிவுக்கடல் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதைச் சொன்னதற்காகத்தான் இந்த ஊர் அவரைப் பெட்டிசம் போட்டுத் துரத்தியது. பூப் போட்டவர்களில் அரைவாசிப் பேரின் வீட்டுக் கையெழுத்து அதில் இருந்தது."

அன்று பின்னேரம் என் கடைக்கு எஞ்சின் திருத்த வந்த ஒருவரிடம் அதைக் காட்டச் சொன்னேன். அவருடைய போனில் என் கொமன்ட் இல்லை. என்னுடைய போனில் இருந்தது. பிறகுதான் விளங்கியது. அட்மின் ஒரு கொமன்டை மறைத்துவிட்டால் எழுதினவனுக்கும் அவனுடைய நண்பர்களுக்கும் மட்டும் அது தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. எழுதினவன் தான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு சும்மா இருப்பான். நல்ல ஏற்பாடு.

அதனால் இதை என்னுடைய பக்கத்தில் எழுதுகிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. போட் எஞ்சின் திருத்துகிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

டீச்சர் சிலாபத்து ஆள். கிழமை நாட்களில் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பாலாவிச் சந்திக்குப் போய் பஸ் மாறி வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் நிற்பார். ஒல்லி. இடது கையால் எழுதுவார். அடிக்கடி சிரிக்கிறவர் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே "அன்பே வடிவானவர்" என்றும் ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுடைய காதை டீச்சர் எத்தனை தரம் திருகினார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

காது திருகுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தெரியாட்டித் தெரியாதுண்டு சொல்லுங்க. ஒண்டும் செய்ய மாட்டன். தெரிஞ்ச மாதிரிச் சொன்னீங்களோ, காது என்ட கையில."

இந்தச் சட்டம் எங்களுக்கு மட்டும் இல்லை, அவருக்கும்தான். ஒன்பதாம் ஆண்டில் முதல் மாதமே ஒருத்தன் கேட்டான், உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் கட்டி வைத்துக் கொஞ்ச நாள் போனால் ஏன் ரோசா நிறமாகிறது என்று. அவனுடைய வாப்பா உப்பளத்தில் வேலை. டீச்சர் கேள்வியை ஒரு தரம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். யோசித்தார்.

"எனக்குத் தெரியாது."

வகுப்பு சிரித்தது. எங்களுக்கு அதுவரை படிப்பித்த ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கேள்வி பிடிக்காவிட்டால் "பாடத்துக்கு வெளிய போகாத, இரு" என்பார்கள். டீச்சர் கரும்பலகையின் இடது மூலையில் ஒரு சதுரம் கீறினார். மேலே "தெரியாதது" என்று எழுதி, அதற்குள் கேள்வியையும் கேட்டவனின் பெயரையும் எழுதினார். "யாரும் அழிக்கக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் பதிலோடு வந்தார். கடும் உப்பில் மட்டும் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, தண்ணீர் வற்றி உப்புக் கூடக்கூட அவை பெருகுகின்றன, அந்த நிறம் அவற்றினுடையது. சொல்லி முடித்துவிட்டுக் கேள்வியை அழித்தார். பெயரையும் அழித்தார். சதுரம் அப்படியே இருந்தது.

அப்போது போனைத் தட்டினால் பதில் வருகிற காலம் இல்லை. டீச்சர் சனிக்கிழமைகளில் சிலாபத்தில் நூலகத்துக்குப் போவார். அங்கே கிடைக்காவிட்டால் தனக்குப் படிப்பித்த விரிவுரையாளருக்குக் கடிதம் போடுவார். உள்ளே முத்திரை ஒட்டிய உறை ஒன்றும் வைத்து அனுப்புவார். பதில் வர இரண்டு மாதம் ஆன கேள்விகளும் உண்டு. அதுவரை சதுரத்தில் கேள்வி இருக்கும். இறால் அவித்தால் ஏன் சிவக்கிறது. கடலேரியான எங்கள் களப்பின் தண்ணீர் கோடையில் கடலைவிட ஏன் கரிக்கிறது. கழுதை எப்படி நின்றபடி தூங்குகிறது. தேங்காய்க்கு ஏன் மூன்று கண். இறாலின் சிவப்பு முதலே அதன் ஓட்டில் இருக்கிறது, வேறொன்று அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது, சூடு பட்டதும் பிடி விட்டுவிடுகிறது என்று அவர் சொன்ன அன்று நான் வீட்டுக்கு ஓடிப்போய் உம்மா அவித்த இறாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று உம்மா நினைத்தார்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பது எங்களுக்கு ஒரு வெறியானது. சதுரத்தில் யாருடைய பெயர் கூட வருகிறது என்று போட்டி. என் பெயர்தான் கூட வந்தது. நான் கணிதத்திலும் தமிழிலும் கடைசி வாங்கு. பள்ளிக்கூடத்துச் சுவரில் என் பெயர் ஏறியது அந்த மூலையில் மட்டும்தான். கேள்வி அழிபடும்போது பெயரும் போய்விடுகிறதே என்று எனக்குக் கவலை. அதனால் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தலைப்புப் போட்டுச் சதுரத்தில் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் இலக்கமிட்டு எழுதினேன். பக்கத்தில் பெயர். கேள்வி மட்டும்தான். பதிலை எழுதவில்லை. பதில் முன்பக்கம் பாடக் குறிப்பில் இருந்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த நாசம் இதில்தான் தொடங்கியது.

டீச்சரின் இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்தது என்று சொன்னால் நானும் அந்த அட்மின் மாதிரிப் பொய் சொல்கிறவன் ஆவேன். பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா போனார். நகை எல்லாம் போட்டு, நல்ல உடுப்பு உடுத்து.

"டீச்சர், என்ட மகன் ஓஎல் சோதனை பாஸ் பண்ணுவானா?"

"தெரியாது."

"அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர். ஒரு நல்ல வார்த்த சொல்லுங்களே."

"விஞ்ஞானத்தில யோசிக்கிறார். கணக்குல ஒண்டுமே செய்யிறதில்ல. ரெண்டையும் வச்சுப் பாத்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

உம்மா வழி முழுக்க அழுதுகொண்டு வந்தார். "ஒரு தாய்க்கிட்டச் சொல்ற கதையா இது" என்று வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் "இன்ஷா அல்லாஹ், எல்லாம் சரி வரும்" என்று அனுப்பிவிடுவார்கள். டீச்சருக்கு அது வராது. எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரும் அவரால் வேர்த்தவர்தான். மேலிடத்திலிருந்து வகுப்புப் பார்க்க வந்த அதிகாரி புதிய பாடத்திட்டத்தில் ஏதோ கேட்டபோது, டீச்சர் எல்லாரும் பார்க்க, "தெரியாது சேர், அந்தச் சுற்றறிக்கை எங்களுக்கு வரல்ல" என்றார். வராத சுற்றறிக்கை அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

என் மாமா, உம்மா நானா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெரிய ஆள். அவருடைய மனைவியின் தம்பியும் விஞ்ஞான ஆசிரியர். தூரத்தில் வேலை, ஊருக்கு மாற்றம் கேட்டுப் பல வருடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஓர் இடம்தான். அதில் டீச்சர் இருந்தார். அவர் போனால்தான் இவர் வரலாம். கதை இவ்வளவுதான். டீச்சர் வேறு மதம்தான், ஆனால் இதில் மதமும் இல்லை, ஊர் மானமும் இல்லை. பிறகு அவற்றையும் சேர்த்தார்கள், அது வேறு.

ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். உம்மா வழக்கம்போல டீச்சரின் கதையை எடுத்தார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், அந்த டீச்சர் கேட்டா தெரியாதுண்டுதான் சொல்றாவாமே. மெய்தானா?"

"ஓம் மாமா. நான் எல்லாத்தையும் எழுதி வச்சிரிக்கன்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா. கொப்பியை ஓடிப்போய் எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். இருபத்திமூன்று கேள்விகள். அதில் எனக்குப் பதினொன்று. மாமா ஒவ்வொன்றாக வாசித்தார். என் கேள்விகளை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"கெட்டிக்காரன். இத நான் கொண்டு போய்ப் பாத்துட்டுத் தாரன்" என்றார். அடுத்த நாள் கொப்பி திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தின் போட்டோப் பிரதி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனது.

பெட்டிசம், அதுதான் முறைப்பாட்டு மனு, எப்படி எழுதுவது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே "வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு." கீழே "இப்படிக்கு, பெற்றோர்களும் நலன்விரும்பிகளும்." பிரதிகள் இன்னும் நாலு இடத்துக்கு. நடுவில் குற்றச்சாட்டு: பாடம் தெரியாதவர், பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாடுகிறார், பெற்றோரை அவமதிக்கிறார், ஒரு தவணையில் மட்டும் இருபத்திமூன்று விடயங்கள் தெரியாது என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டவர், ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது. கையெழுத்தை மாமா தேத்தண்ணிக் கடையிலும் கரையிலும் வைத்து வாங்கினார். சில பேர் வீதி விளக்குக்கு என்று நினைத்து வைத்தார்கள். சில பேர் வாசித்துவிட்டே வைத்தார்கள். என் வாப்பா வாசித்துவிட்டு வைத்தார்.

அந்தக் கடிதம் போய் மூன்று வாரத்தில் ஆசிரியர் தினம் வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு முதல் இரண்டு பாடமும் பிள்ளைகள் படிப்பிப்பார்கள், ஆசிரியர்கள் வாங்கில் இருப்பார்கள். எங்கள் வகுப்புக்கு விஞ்ஞானம் நான். வாப்பாவின் நீளக் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் கடைசி வாங்கில், என் இடத்தில் இருந்தார். ஒருத்தி கேட்டாள், சொறி முட்டை பட்டால் ஏன் கடிக்கிறது என்று. எங்கள் பக்கம் ஜெலிமீனைச் சொறி முட்டை என்பார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் சேர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அளந்தேன்.

"அதுக்குள்ள அமிலம் இரிக்கி. பெட்டரிக்குள்ள இரிக்கிற மாதிரி."

பின்னால் ஒரு கை எழும்பியது. டீச்சர் எழுந்து நின்றார்.

"சேர், அது உங்களுக்குத் தெரியுமா, இல்லாட்டிச் சும்மா சொல்றீங்களா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

"சும்மா சொன்னன்."

"அப்ப என்ன செய்யணும் சேர்?"

நான் சோக்கட்டியை எடுத்து மூலைச் சதுரத்தில் கேள்வியை எழுதினேன். அது இருபத்திநாலாவது. டீச்சர் "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு இருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மனுஷனைப் பார்த்தால் அது தெரியாதா.

பத்து மணிக்குக் கூட்டம். ஆசிரியர்களை மேடையில் வரிசையாக இருத்தினார்கள். மாலை போட அபிவிருத்திச் சங்கத்தார் வந்திருந்தார்கள். டீச்சருக்கு மாலை போட்டவர் என் மாமா. போட்டுவிட்டு ஒலிவாங்கியில் பேசினார். "தூரத்திலிருந்து வந்து எங்கட பிள்ளைகளுக்கு அறிவுக் கண்ணத் திறந்த சகோதரி" என்றார். கைதட்டினோம். அப்போது எடுத்த குழுப் படம்தான் இப்போது முகநூலில் வெட்டப்பட்டிருக்கிறது. டீச்சரின் தோளில் ஒட்டியிருக்கிற முழங்கை மாமாவுடையது.

அந்த மாதம் முடியுமுன் விசாரணைக்கு வந்தார்கள். வலயத்திலிருந்து இரண்டு பேர். அதிபரின் அறையில் மேசை, ஒரு பக்கம் அவர்கள், மற்றப் பக்கம் டீச்சர். என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வயது பதினாலு. மேசையில் என் கொப்பியின் பிரதி. அப்போதுதான் முதன்முதலாக அதை அங்கே கண்டேன்.

"இது உங்கட எழுத்தா?"

"ஓம் சேர்."

"இந்தக் கேள்விகளுக்கெல்லாம் டீச்சர் தெரியாது எண்டுதான் சொன்னாவா?"

"ஓம் சேர்."

"எல்லாத்துக்குமா?"

"ஓம் சேர்."

"சரி, போங்க."

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். பிறகு பதில் கொண்டு வந்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு வசனம். அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே மாமா நின்றார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, வேறு யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். அவருடைய சட்டையின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது போதும். நான் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி டீச்சரிடம் கேட்டார், "பிள்ளை சொல்றது சரியா?"

"சரி. பிள்ளை சொன்னதில ஒரு பிழையும் இல்ல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கொப்பியைக் கொண்டுவந்து முன்பக்கத்தைப் புரட்டச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் விளங்கவில்லை.

டிசம்பரில், நத்தாருக்கு முன் கடிதம் வந்தது. "சேவையின் அவசியம் கருதி உடனடி இடமாற்றம்." தை மாதம் மாமாவின் மச்சினர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தார். நல்ல மனுஷன்தான், பொய்க்குச் சொல்லவில்லை. குறிப்புச் சொல்லுவார், எழுதுவோம். முதல் நாளே மூலையில் இருந்த சதுரத்தைத் துடைத்தார். யாரும் தடுக்கவில்லை. கேள்விகள் நின்றுவிட்டன.

இனி இந்த வாரத்துக் கதை.

அந்தப் படத்துக்குக் கீழே டீச்சரின் மகள் ஒரு கொமன்ட் போட்டிருந்தார். "அம்மா பார்த்தார். நன்றி சொல்லச் சொன்னார். 'அறியாதது ஒன்றுமில்லாத' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடச் சொன்னார்." அதற்கும் இதயங்கள். "என்ன ஒரு தன்னடக்கம்." வரியை யாரும் எடுக்கவில்லை. தெரியாது என்று சொன்னபோது ஊர் அதைக் குற்றம் என்றது. இப்போது அடக்கம் என்கிறது. அவர் மெய்யைத்தான் சொல்கிறார் என்று அன்றும் எவனும் நினைக்கவில்லை, இன்றும் எவனும் நினைக்கவில்லை.

பக்கத்தின் அட்மின் மாமாவின் மகன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கொமன்டை மறைத்ததும் அவன்தான். எனக்கே போன் எடுத்தான்.

"மச்சான், என்னடா அது. நல்ல நாளும் அதுவுமா."

"மெய்தானே எழுதினன்."

"மெய்யெண்டா? வாப்பாக்கு இப்ப எழும்பி நடக்கேலாது. இந்த வயசில அவர நாறடிக்கப் போறியா?"

"மாமாட பேர் அதில இல்லையே."

"ஊருக்குத் தெரியாதா? அந்தக் கொப்பி யார்ட கொப்பி மச்சான்? என்ட வாப்பா கள்ளன் எண்டா நீ என்ன, அவ்லியாவா?"

கொப்பி என்னுடையதுதான், நான் மகானும் இல்லை. அவன் சரியாகத்தான் கேட்டான்.

டீச்சரின் மகளுக்கு உள்பெட்டியில் எழுதி இலக்கம் வாங்கினேன். போன் எடுக்கத் துணிய எனக்கு ஒரு பகல் ஆனது. டீச்சரின் குரல் இளைத்திருந்தது. என் பெயரைச் சொன்னதும் கேட்டார், "களப்புத் தண்ணி ஏன் கரிக்குதுண்டு கேட்டவர்தானே?"

நான் சுற்றி வளைக்கவில்லை. விசாரணை அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். இதை எழுதிப் போடப் போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்றேன்.

"உங்கட கதை, எழுதுங்க. ஆனா எல்லாத்துக்கும் பதில் கொண்டு வந்தன் எண்டு எழுதாதீங்க. ரெண்டுக்குக் கொண்டு வரல்ல. முரல் மீன் வெளிச்சத்தக் கண்டு ஏன் பாயுது எண்டதுக்கு ஒருத்தரும் எனக்குச் சரியாச் சொல்லல்ல. நீங்க அண்டைக்கு மூலையில எழுதின சொறி முட்டைக் கேள்விக்கு நான் பதிலோட வரேக்க மாற்றக் கடிதம் மேசையில கிடந்திச்சு."

"டீச்சர், நீங்க ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லல்ல? கொப்பிட முன்பக்கத்தப் பாக்கச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவங்க உங்களத் திருப்பிக் கூப்பிட்டுக் கேப்பாங்க. வெளிய உங்கட ஆக்கள் நிண்டாங்க. பதில் கொண்டு வரல்லயெண்டு நீங்க சொல்லியிருந்தா நீங்க பொய்க்காரனா ஆகியிருப்பீங்க. அதுக்கு நான் காரணமா இருக்க விரும்பல்ல."

பிறகு நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "டீச்சருக்கு என்னில கோவமா?"

"தெரியாது மகன். யோசிச்சிட்டுச் சொல்றன்."

அடுத்த நாள் காலையில் அவரே போன் எடுத்தார். நான் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன், கை முழுக்க எண்ணெய்.

"நேத்துக் கேட்டீங்க. ஓம், கோவம் இருந்திச்சு. அந்த அதிகாரிமாரில இல்ல. உங்கட மாமாவில கூட இல்ல, அவருக்கு ஒரு தேவை. உங்களிலதான். ஏனெண்டா அந்த அறையில மெய் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர்தான், நீங்களும் நானும். பதவி உயர்வுக்கு நேர்முகத்துக்குப் போற நேரமெல்லாம் என்ட பைல்ல அந்தப் பக்கத்தப் புரட்டுவாங்க. உங்கட எழுத்த நான் நாலு தரம் பாத்தன். இப்பயும் கொஞ்சம் இருக்கு. இல்லையெண்டு சொன்னா அது பொய்."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"அது வேற கேள்வி" என்றார். பிறகு தன் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். நான் என் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். வைத்துவிட்டார்.

மன்னித்துவிட்டேன் மகன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்றே நிம்மதியாகப் படுத்திருப்பேன், அந்தப் படத்துக்குக் கீழே நானும் ஒரு பூப் போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. என்னை அவ்வளவுக்காவது மதித்தார்.

எழுதி முடித்ததை இன்று காலையில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமா பெட்டிசம் போட்டது உம்மாவுக்கு முதலே தெரியும். அன்று மாமா கொண்டுபோன என் கொப்பியைத்தான் பிரதியெடுத்து ஆதாரமாக இணைத்தார் என்று இன்றுதான் தெரியும். நான் வாசிக்க வாசிக்கத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"நானாட காலம் முடியட்டும், அவர் மௌத்தாகட்டும். அதுக்குப் பொறகு போடேன் மகன்."

"அதுக்குள்ள டீச்சர் மௌத்தாகினா?"

உம்மா தலையை நிமிர்த்தி, "பெட்டிசத்த மூட்டி விட்டது நானும்தான். நான் அழுது அழுது ஊரெல்லாம் சொன்னதாலதானே நானாக்கு அது தோணிச்சு. அதையும் சேத்து எழுது" என்றார்.

"எழுதுறன் உம்மா."

"இத நானா போன்ல, கண்டவன் வாசிச்சுக் காட்டக் கேக்கக் கூடாது" என்றார். எழுந்து முக்காட்டைச் சரி செய்தார். "நான் போய்ச் சொல்றன். அந்த வீட்டுக் கதவு எனக்கு இனித் தொறக்குமோ தொறக்காதோ. நான் வந்த பொறகு போடு. வராட்டியும் போடு."

ஒன்பதரைக்குப் போனார். மாமாவின் வீடு நாலு வளவு தள்ளித்தான். இப்போது மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. உம்மா இன்னும் வரவில்லை.

இதைப் போடுகிறேன்.